முதல் பிரசவத்தில் போட்ட ஊசி மூன்றாம் கர்ப்பத்தைக் காக்குமா? ஓர் ஆர்எச் நெகட்டிவ் தாயின் நிகழ்வு ஆய்வு

“மொதோ கொழந்தைக்கே அந்த ஊசி போட்டாச்சே சிஸ்டர், மறுபடியும் இன்னாத்துக்கு அதையே கேக்குறீங்க?”

வரலாறு எடுத்துக்கொண்டிருந்தபோது மாமியார்தான் இப்படிக் கேட்டார். குடியாத்தம் பக்கத்துக் கிராமம், வீட்டில் எல்லோரும் பீடி சுற்றுகிறவர்கள். மருமகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் கேட்டதில் தவறில்லை. பிரசவ வார்டுக்கு வரும் மாணவிகளில் பாதிப் பேருக்கும் இதே எண்ணம்தான், அம்மை ஊசி மாதிரி ஒருமுறை போட்டால் போதும் என்று. தேர்வில் ‘ஆன்டி-டி எப்போது கொடுக்க வேண்டும்?’ என்று கேட்டால் ‘பிரசவமான 72 மணி நேரத்துக்குள்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரி இந்தத் தாய்க்கு முதல் பிரசவத்தில் சரியாகவே நடந்தது. அப்படியும் மூன்றாவது கர்ப்பத்தில் குழந்தைக்கு ரத்தமாற்றம் செய்ய வேண்டிவந்தது. ஏன் என்பதுதான் இந்த ஆய்வு. தாயை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வரலாறு

வயது 27. மூன்றாம் கர்ப்பம், உயிருடன் ஒரு குழந்தை, ஒரு கருச்சிதைவு. கேஸ் ஷீட்டில் ஜி3 பி1 எல்1 ஏ1. தாயின் ரத்த வகை பி நெகட்டிவ், கணவருடையது ஓ பாசிட்டிவ்.

முதல் குழந்தை பெண். மாதம் நிறைந்து, சுகப்பிரசவம். குழந்தையின் ரத்தம் பி பாசிட்டிவ், டைரக்ட் கூம்ஸ் நெகட்டிவ். இரண்டாம் நாள் காலை தாய்க்கு 300 மைக்ரோகிராம் ஆன்டி-டி போட்டிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் அட்டையில் தேதி, நேரம், பேட்ச் எண் மூன்றும் இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது கர்ப்பம் அதற்கு இரண்டு வருடம் கழித்து. நாலரை மாதத்தில், அதாவது 18 வாரத்தில், ரத்தப்போக்கு. பக்கத்து ஊர்ச் சின்ன மருத்துவமனை ஒன்றில் கரு கலைந்து, கருப்பையைச் சுத்தம் செய்து மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சீட்டை மாமியார் பத்திரமாக வைத்திருந்தார். பீடித் தொழிலாளர் அட்டையோடு சேர்த்து ஒரு பாலிதீன் உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். டி அண்ட் சி செய்யப்பட்டது, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக், ஒரு மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை. ‘ரத்த வகை’ என்று அச்சடித்திருந்த கட்டம் காலி. யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. ஊசி முன்பே போட்டாச்சு என்று நினைத்திருந்தவர்கள் சொல்ல என்ன இருக்கிறது?

இந்த ஆய்வில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதானால் அந்தக் காலிக் கட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி செய்யும் வேலை, செய்யாத வேலை

ஆன்டி-டி தடுப்பூசி அல்ல. தாயின் உடலுக்கு எதையும் அது கற்றுக்கொடுப்பதில்லை. கற்றுக்கொள்ளவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. குழந்தையின் ஆர்எச் பாசிட்டிவ் ரத்தச் செல்கள் தாயின் ரத்தத்தில் கலந்தவுடன், தாயின் எதிர்ப்பு மண்டலம் அவற்றை அடையாளம் கண்டு நினைவில் வைப்பதற்குள், வெளியிலிருந்து கொடுத்த எதிர்ப்பொருள் அந்தச் செல்களைப் போர்த்தி மண்ணீரலுக்கு அனுப்பிவிடுகிறது. இரவல் எதிர்ப்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவல் என்பதால் தங்காது. சுமார் மூன்று வாரத்தில் அதில் பாதி கரைந்துவிடும், அடுத்த மூன்று வாரத்தில் மிச்சத்தில் பாதி. மூன்று மாதம் போனால் நம்பிக்கொண்டிருக்க எதுவும் மிஞ்சாது. முதல் பிரசவத்தில் போட்டது இரண்டு வருடம் கழித்து நடந்த கருச்சிதைவுக்குக் காவல் நிற்க வழியே இல்லை.

ஆகவே கணக்கு ‘ஒரு தாய்க்கு ஓர் ஊசி’ அல்ல, ரத்தம் கலக்கும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் ஊசி. பிரசவம் அதில் ஒன்றுதான். கருச்சிதைவு, கருக்கலைப்பு, கருக்குழாயில் கர்ப்பம், பனிக்குட நீர் எடுக்கும் சோதனை, வயிற்றில் அடிபடுவது, பிரசவத்துக்கு முந்தைய ரத்தப்போக்கு, குறுக்கே கிடக்கும் குழந்தையை வெளியிலிருந்து திருப்புவது, வயிற்றுக்குள்ளேயே குழந்தை இறப்பது எல்லாம் சேர்த்தி. 72 மணி நேரம் என்ற கடிகாரம் அந்தந்த நிகழ்விலிருந்து ஓடத் தொடங்குகிறது. இந்தத் தாய்க்கு அது ஓடத் தொடங்கியது 18 வாரத்தில், ரத்தப்போக்கு கண்ட அந்த இரவில்.

எவ்வளவு ரத்தம் கலந்தால் ஆபத்து என்று மாணவிகள் கேட்பார்கள். சிலருக்கு 0.1 மி.லி. போதும், இரண்டு சொட்டுதான். 300 மைக்ரோகிராம் குப்பி ஒன்று குழந்தையின் ரத்தத்தில் 30 மி.லி. வரை சமாளிக்கும். அதற்கு மேல் கலந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், உதாரணமாக நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்திருந்தாலோ அதைக் கைவிட்டு எடுத்திருந்தாலோ, கிளைஹாவர் சோதனை செய்து கூடுதல் குப்பி கணக்கிட வேண்டும். இந்தத் தாய்க்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்பட்டிருக்காது. ஒரே குப்பி போதும், அதுதான் கிடைக்கவில்லை.

தேர்வுக்காக ஒரு குறுக்கு வார்த்தை. 12 வாரத்துக்கு முந்தைய கருக்கலைப்புக்கு ஆன்டி-டி வேண்டுமா என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. பழைய பாடநூல்கள் 50 மைக்ரோகிராம் என்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டி 12 வாரத்துக்குக் கீழ் தேவையில்லை என்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் எந்த நூலைக் கேட்கிறதோ அதன்படி எழுதுங்கள், வைவாவில் இரண்டையும் சொல்லுங்கள். 18 வாரத்தில் அந்தச் சண்டையே கிடையாது.

இன்னொன்று. ரத்த வகை சேராமல் இருந்தால் ஓரளவு தற்காப்பு உண்டு. தாய் ஓ வகை, குழந்தை ஏ வகை என்றால், தாயிடம் ஏற்கெனவே இருக்கும் ஏ எதிர்ப்பு அந்தச் செல்களை முதலிலேயே அழித்துவிடும். இங்கே தாய் பி, கணவர் ஓ. குழந்தை பி அல்லது ஓ தான் ஆக முடியும். இரண்டுமே தாயின் ரத்தத்தில் நிம்மதியாக உலவக்கூடியவை. அந்தத் தற்காப்பும் இல்லாமல் போனது.

72 என்ற எண் எங்கிருந்து வந்தது

72 மணி நேரம் தாண்டினால் என்ன செய்வீர்கள் என்று வைவாவில் கேட்டால் ‘பயனில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். அந்த எண்ணை உடலியல் தரவில்லை. 1960-களில் நியூயார்க்கில் இந்த ஊசியைச் சோதித்தவர்கள் சிங் சிங் சிறையில் தன்னார்வலராக வந்த ஆர்எச் நெகட்டிவ் கைதிகளிடம் செய்தார்கள். சிறைக்குள் நினைத்தபோதெல்லாம் போக முடியாது. செல்களைச் செலுத்தி மூன்று நாள் கழித்துத்தான் ஊசி போட முடிந்தது. அப்போதும் அது வேலை செய்தது, அந்த மூன்று நாள் அப்படியே விதியாக நின்றுவிட்டது. 1968-இல் ஊசி விற்பனைக்கு வந்தபோது அந்த எண்ணும் கூடவே வந்தது. நான்காம் நாள் விடிந்தவுடன் கதவு சாத்திக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. சீக்கிரம் போடப் போட நல்லது. தவறிப்போனால் 10 நாள் வரை ஓரளவு பலன் உண்டு, 28 நாள் வரையிலும் கொடுக்கச் சொல்லும் வழிகாட்டிகள் இருக்கின்றன.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருச்சிதைவான ஐந்தாம் நாள் இந்தத் தாய் காய்ச்சல் என்று ஊரில் ஊசி போட்டுக்கொள்ளப் போயிருக்கிறாள். அன்றைக்கு யாராவது ‘உன் குரூப் என்னம்மா?’ என்று கேட்டிருந்தால் அப்போதும் நேரம் இருந்தது.

மூன்றாம் கர்ப்பம்: எண்கள் ஏறிய விதம்

14 வாரத்தில் கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்து, குரூப் பார்த்து, இன்டைரக்ட் கூம்ஸ் சோதனைக்கு அனுப்பினார். பாசிட்டிவ், டைட்டர் 1:8.

கூம்ஸ் இரண்டையும் மாணவிகள் மாற்றி எழுதுவது வழக்கம் என்பதால் நான் வகுப்பில் ‘தாய்க்கு இன்டைரக்ட், சேய்க்கு டைரக்ட்’ என்று சொல்லிக்கொடுப்பேன். தாயின் சீரத்தில் எதிர்ப்பொருள் தனியாக மிதக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வெளியிலிருந்து பாசிட்டிவ் செல்களைக் கொடுத்துப் பார்க்க வேண்டும், அதனால் இன்டைரக்ட். குழந்தையிடம் எதிர்ப்பொருள் ஏற்கெனவே செல்லின் மேல் ஒட்டியிருக்கிறது, நேரடியாகப் பார்க்கலாம், அதனால் டைரக்ட்.

டைட்டர் 20 வாரத்தில் 1:16, 24 வாரத்தில் 1:64. பெரும்பாலான ஆய்வகங்கள் 1:16-ஐ எச்சரிக்கை எல்லையாக வைத்திருக்கின்றன. அதைத் தொட்டபிறகு டைட்டரை மறுபடி மறுபடி பார்ப்பதில் லாபமில்லை. தாயின் ரத்தத்தில் எவ்வளவு எதிர்ப்பொருள் என்பது தெரிந்துவிட்டது. குழந்தைக்கு எவ்வளவு சோகை என்பதுதான் இனி கேள்வி, அதற்கு டாப்ளர் ஸ்கேன் வேண்டும். அங்கிருந்துதான் வேலூருக்கு அனுப்பினார்கள். குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா வழியாகப் பஸ் ஏறி வந்து, ஸ்கேன் முடித்து, இருட்டுவதற்குள் திரும்புவார்கள். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 32 வாரத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை. போய்வரும் ஒவ்வொரு நாளும் இரண்டு பேருடைய பீடிக் கூலி போகும். அப்படியும் ஒரு ஸ்கேனைக்கூட அவர்கள் தவறவிடவில்லை.

டாப்ளரில் பார்ப்பது குழந்தையின் நடுப் பெருமூளைத் தமனியில் ரத்தம் ஓடும் உச்ச வேகத்தை. சோகை பிடித்த ரத்தம் நீர்த்துப்போய் வேகமாக ஓடும், இதயமும் விரட்டி அடிக்கும். அந்த வாரத்துக்குரிய நடு அளவைப் போல 1.5 மடங்கைத் தாண்டினால் மிதமான அல்லது கடுமையான சோகை என்று எடுத்துக்கொள்வார்கள். இந்தக் குழந்தைக்கு 34 வாரம் வரை 1.3 மடங்குக்குள்ளேயே இருந்தது. 35-ஆம் வார ஸ்கேனில் விநாடிக்கு 80 செ.மீ. அந்த வாரத்தின் நடு அளவு சுமார் 51. கணக்குப் போட்டால்

80 ÷ 51 = 1.57

வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, தோல் தடித்திருக்கிறதா, நெஞ்சுக்கூட்டில் நீர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நீர்க்கோவை இல்லை. இதே எண் 30 வாரத்தில் வந்திருந்தால் கருப்பைக்குள்ளேயே குழந்தைக்கு ரத்தம் ஏற்றுவது பற்றி யோசித்திருப்பார்கள். 35 வாரத்துக்குமேல் அந்த முறையின் ஆபத்து அதிகம், டாப்ளரும் அந்தக் கட்டத்தில் இல்லாத சோகையை இருப்பதாகக் காட்டக்கூடும். வெளியே எடுத்துவிட்டால் கைக்கு எட்டும் நோயாளி. 36 வாரத்தில் வலி தூண்டிப் பிரசவிக்க முடிவெடுத்தார்கள்.

பிரசவ அறையில்

ரத்த வங்கியில் முந்தின நாளே சொல்லி ஓ நெகட்டிவ் ரத்தம் ஒரு யூனிட் தயார். குறுக்குப் பொருத்தம் பார்த்தது தாயின் சீரத்தோடு, ஏனென்றால் குழந்தையின் செல்களை அழிப்பது தாயின் எதிர்ப்பொருள்தான். ‘குழந்தைக்கு ஏற்றும் ரத்தத்தை யாருடைய சீரத்தோடு பொருத்துவீர்கள்?’ என்பது வைவாவில் பழைய கேள்வி.

அதிகாலை 4.40-க்கு ஆண் குழந்தை, எடை 2.4 கிலோ. பிறந்தவுடன் அழுதான். வெளிறியிருந்தான், ஆனால் மஞ்சள் இல்லை. கூட நின்ற மாணவி ‘மஞ்சளே இல்லையே சிஸ்டர்’ என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னாள். பிறக்கும்போது மஞ்சள் இருக்காது என்பதுதான் இந்த நோயின் தந்திரம். வயிற்றுக்குள் இருக்கும்வரை செல்கள் உடைந்து வரும் பிலிருபினை நஞ்சுக்கொடி வழியே தாய் வாங்கி, தன் கல்லீரலில் கழித்துவிடுகிறாள். கொடி வெட்டப்பட்ட நிமிடத்திலிருந்து குழந்தை தன் சொந்த, முதிராத கல்லீரலோடு தனித்து நிற்கிறது. உள்ளே சோகை, வெளியே காமாலை. இந்த நான்கு சொல் புரிந்துவிட்டால் பச்சிளங்குழந்தைப் பகுதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கொடியைத் தாமதிக்காமல் கவ்வினோம். கருவிலேயே எதிர்ப்பொருள் பாதித்த குழந்தைக்குப் பாடநூல் சொல்வது அதுதான், சில இடங்களில் இப்போது சற்றுத் தாமதிக்கவும் செய்கிறார்கள். குழந்தைப் பக்கம் கொடியை நீளமாக விட்டோம், ரத்தமாற்றத்துக்கு அந்தச் சிரை வழியாகத்தான் குழாய் போக வேண்டும். நஞ்சுக்கொடிப் பக்கத்திலிருந்து கொடியைப் பிழியாமல் ரத்தம் எடுத்தோம். பிழிந்தால் கொடியைச் சுற்றியுள்ள பசை கலந்து குரூப் பார்ப்பதில் குழப்பம் வரும். குரூப், டைரக்ட் கூம்ஸ், ஹீமோகுளோபின், பிலிருபின் நான்குக்கும் போனது.

முடிவு: பி பாசிட்டிவ், டைரக்ட் கூம்ஸ் மூன்று பிளஸ், ஹீமோகுளோபின் 11.2 கிராம், பிலிருபின் 4.4 மி.கி.

இந்த நேரத்தில்தான் மாணவி ஒருத்தி தாயின் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் பக்கம் போனாள். தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ், 72 மணி நேரம். பாடம் அவள் வாயில் தயாராக இருந்தது. நிறுத்தி, “இவங்களுக்கு எதுக்கும்மா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். தாயின் உடல் ஏற்கெனவே எதிர்ப்பொருளைத் தானே தயாரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. இரவல் கொடுத்து இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. உணர்வூட்டப்பட்ட தாய்க்கு ஆன்டி-டி தேவையில்லை என்று பாடநூலில் ஒரு வரி இருக்கும், தேர்வில் அதுதான் பொறி வைத்த வரி. ஊசி ஆயிரக்கணக்கில் விலை உள்ளது. தேவைப்படுகிற அடுத்த தாய்க்கு அது இருக்கட்டும்.

குழந்தை

கொடி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே அல்லது பிலிருபின் 5-க்கு மேலே என்றால் உடனே ரத்தமாற்றம் என்று நம் நூல்கள் சொல்கின்றன. நூலுக்கு நூல் எண் சற்று மாறும். இந்தக் குழந்தை இரண்டு கோட்டுக்கும் சற்று இந்தப் பக்கம். இரட்டை ஒளிச்சிகிச்சையில் வைத்தார்கள், கண்ணை மூடி, இனப்பெருக்க உறுப்பை மறைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால்.

ஆறு மணி நேரம் கழித்து பிலிருபின் 8.6.

(8.6 − 4.4) ÷ 6 = 0.7

அதாவது ஒளியின் கீழ் இருந்தும் மணிக்கு 0.7 மி.கி. ஏற்றம். 0.5-ஐத் தாண்டினால் செல்கள் உடையும் வேகத்துக்கு ஒளிச்சிகிச்சை ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். ஹீமோகுளோபினும் 10.3-க்கு இறங்கியிருந்தது. 8.6 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் பெரிதில்லை, மூன்றாம் நாள் சாதாரணக் குழந்தைக்கே வரும். எத்தனை மணிக்கு அது வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் 24 மணி நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் எந்தக் குழந்தைக்கும் இயல்பானதல்ல. விட்டால் பிலிருபின் மூளையின் அடிப்பகுதியில் படியும். குழந்தை சோர்ந்து, பால் இழுக்கும் பலம் குறைந்து, கீச்சென்று அழுது, பின்பக்கம் வில்லாக வளையும். அந்த நிலைக்கு வந்தபின் செய்யும் சிகிச்சை போன செவித்திறனைத் திருப்பித் தராது.

ரத்தமாற்றம் இரட்டைக் கன அளவு. மாதம் நிறைந்த அல்லது நெருங்கிய குழந்தைக்குக் கிலோவுக்கு 80 மி.லி. ரத்தம் என்று வைத்தால்

2 × 80 × 2.4 = 384 மி.லி.

தொப்புள் சிரைக் குழாய் வழியே 10 மி.லி. எடுப்பது, 10 மி.லி. கொடுப்பது. ஒருவர் சொல்ல, ஒருவர் குறிக்க, 38 சுற்று. சுமார் ஒன்றரை மணி நேரம் ஆனது. குறிக்கும் வேலை என்னுடையது. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று கோடு போட்டுக்கொண்டே போகும்போது கவனம் சிதறினால் கணக்கு தப்பும், குழந்தையின் ரத்த அளவு ஏறிவிடும் அல்லது இறங்கிவிடும். ரத்தம் ஐந்து நாளைக்குட்பட்டதாக இருக்க வேண்டும், பழைய ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கும். பையில் உள்ள சிட்ரேட் கால்சியத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் கை கால் துள்ளுகிறதா என்று கண் வைத்திருந்தோம். ரத்தம் ஏன் நெகட்டிவ் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் உடலில் தாயின் எதிர்ப்பொருள் இன்னும் இருக்கிறது. பாசிட்டிவ் ஏற்றினால் அதையும் உடைக்கும்.

மாற்றம் தொடங்கும்போது 9.6 இருந்த பிலிருபின், முடிந்ததும் 4.9. மாலைக்குள் மறுபடி 7.8. அப்பா பயந்துவிட்டார். திசுக்களில் தங்கியிருந்தது ரத்தத்துக்குத் திரும்பி வருகிறது, எதிர்பார்த்ததுதான் என்று விளக்கினோம். ஒளிச்சிகிச்சை நான்கு நாள் தொடர்ந்தது, இரண்டாம் முறை ரத்தமாற்றம் தேவைப்படவில்லை. தாய்ப்பாலில் விஷம் வருமா என்று பாட்டி கேட்டார். பால் வழியே போகும் எதிர்ப்பொருள் குழந்தையின் செல்களுக்குத் தீங்கு செய்வதில்லை, தாராளமாகக் கொடுக்கலாம். எட்டாம் நாள் வீட்டுக்குப் போனார்கள். அப்போது ஹீமோகுளோபின் 12.6.

அந்த 12.6 ஏமாற்றும் எண். அது பெரும்பாலும் கொடையாளருடைய ரத்தம். தாயின் எதிர்ப்பொருள் வாரக்கணக்கில் குழந்தைக்குள் இருந்துகொண்டு, குழந்தையின் மஜ்ஜை புதிதாகச் செய்யும் பாசிட்டிவ் செல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஈரலுக்கு இப்போது வலு வந்துவிட்டதால் மஞ்சள் தெரியாது, சோகை மட்டும் சத்தமில்லாமல் இறங்கும். வாராவாரம் ரத்தம் பார்க்க வரச் சொன்னோம். மூன்றாம் வாரம் 9.4. நாலாம் வாரம் வரவில்லை. மஞ்சள்தான் போயிடுச்சே என்று விட்டிருக்கிறார்கள். ஐந்தாம் வாரம் ‘பால் குடிக்கும்போதே தூங்கிடுறான், நெத்தியெல்லாம் வேர்க்குது’ என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஹீமோகுளோபின் 7.1. எடை 3 கிலோ, கிலோவுக்கு 15 மி.லி. வீதம் 45 மி.லி. நெகட்டிவ் செல்கள் ஏற்றினார்கள். ஃபோலிக் அமிலம் தொடர்ந்தது. இரும்புச்சத்து அவசரமாகத் தேவையில்லை, உடைந்த செல்களின் இரும்பு உடலிலேயே இருக்கிறது. மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் தானாக ஏறி 10.5-இல் நின்றது. செவித்திறன் சோதனை சரியாக இருந்தது.

பக்கத்துக் கட்டில்

அதே வாரம் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து இன்னொரு நெகட்டிவ் தாய், முதல் கர்ப்பம். இவளுக்கு எல்லாம் முறைப்படி நடந்திருந்தது. பதிவின்போது இன்டைரக்ட் கூம்ஸ் நெகட்டிவ், 28 வாரத்தில் மறுபடி நெகட்டிவ், அன்றே 300 மைக்ரோகிராம் ஆன்டி-டி. ரத்தம் எடுத்தபிறகுதான் ஊசி போட வேண்டும், வரிசை மாறக்கூடாது. பிரசவத்துக்கு வந்தபோது யாரோ மறுபடி இன்டைரக்ட் கூம்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். பாசிட்டிவ், 1:2. பயிற்சி மருத்துவர் ‘ஏற்கெனவே உணர்வூட்டப்பட்டாச்சு, ஊசி வேண்டாம்’ என்று எழுதிவிட்டார்.

ஒரே சொல், ‘பாசிட்டிவ்’, ஆனால் இரண்டு கட்டிலிலும் பொருள் வேறு. இவளிடம் தெரிந்தது நாம் 28 வாரத்தில் கொடுத்த இரவல் எதிர்ப்பொருளின் மிச்சம். அடையாளம் காண்பது எளிது. ஊசி போட்ட தேதி அட்டையில் இருக்கும். அதற்கு முந்தைய சோதனை நெகட்டிவாக இருக்கும். டைட்டர் 1:4 அளவுக்குள் இருக்கும், நாளாக ஆகக் குறையும். உண்மையான உணர்வூட்டலில் அது குடியாத்தம் தாயைப் போல 8, 16, 64 என்று ஏறும். அணைக்கட்டுத் தாயின் குழந்தை ஓ பாசிட்டிவ், கொடி ரத்தத்தில் டைரக்ட் கூம்ஸ் லேசாக ஒரு பிளஸ். அதுவும் அந்த ஊசியால்தான், ஹீமோகுளோபின் 16, காமாலை சாதாரணம். கேள்வி எழுப்பியபின் மூத்த மருத்துவர் உத்தரவை மாற்றினார். பிரசவமான முப்பதாவது மணியில் ஊசியைப் போட்டது நான். மேல்கைத் தசையில் போட்டேன். இடுப்பில் போட்டால் கொழுப்பில் நின்று சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். குழந்தைக்கு ஒருபோதும் போடுவதில்லை, அதுவும் ஒரு வைவா கேள்வி.

குடியாத்தம் தாயின் அட்டையில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தோம்: ஆன்டி-டி எதிர்ப்பொருள் உண்டு, எப்போது ரத்தம் ஏற்றினாலும் நெகட்டிவ் மட்டும், அடுத்த கர்ப்பம் என்றால் முதல் மூன்று மாதத்திலேயே பெரிய மருத்துவமனை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் இது முன்கூட்டியே, கூடுதல் கடுமையோடு வரும் என்பதையும் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னோம்.

கடைசியாக வந்த அன்று மூத்த பெண்ணையும் அழைத்து வந்திருந்தாள். அவள் வாசலில் செருப்பை மாற்றி மாற்றிப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். “நாளைக்கு இதுக்குக் கல்யாணமாகி கொழந்த பொறந்தா, இதுக்கும் இப்படி ஆவுமா சிஸ்டர்?” என்று தாய் கேட்டாள். பெண்ணின் பிறப்பு அட்டையை எடுத்துக் காட்டினேன். பி பாசிட்டிவ். அவளுக்கு இந்த ஊசியே தேவைப்படாது.